வெள்ளை மையில் ஐந்து வரி

நாசரேத்
9-1-1975

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் வயிற்றில் இருக்கும் உங்கள் வாரிசும் சுகம். கட்டுச்சோறு முடித்து என்னை இறக்கிவிட்ட கார் தெருமுனையைத் தாண்டியிருக்காது, அதற்குள் அம்மா உளுந்தங்களி கிண்ட உட்கார்ந்துவிட்டாள். பேறுகாலம் முடிந்து தூத்துக்குடிக்குத் திரும்பும்போது என்னை நீங்கள் அடையாளம் கண்டுபிடித்தால் ஆச்சரியம்தான்.

இத்துடன் ஒரு போட்டோ வருகிறது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், கவனமாகப் பிரியுங்கள். எடுத்தது என் தாய்மாமன் மகன் தேவபிரசாதம் அத்தான். பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாரே, நம் கல்யாணத்துக்கும் அவர்தானே எடுத்தார். “ஏளா, வயித்தத் தள்ளிக்கிட்டு யாராவது போட்டோவுக்கு நிப்பாளா, கண்ணு பட்டுரும்” என்று அம்மா குதித்தாள். “பட்டா ஜெபம் பண்ணிக்கிடலாம்” என்று அப்பா சொல்லிவிட்டார். நேரே உட்கார்ந்தால் வயிறு தெரியாதாம். நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி எடுத்தார்.

படத்துக்கு அடியில் வெள்ளை எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முன்பு இங்கே இருந்த மிஷன் டாக்டரின் மனைவி சீமைக்குப் போகும்போது தன் ஆல்பத்தை ஒட்டித்தரச் சொல்லி அத்தானிடம் கொடுத்தாளாம். அதில் அந்த அம்மாள் நிறைமாதமாக நிற்கிற படத்துக்குக் கீழே, வயிற்றில் இருந்த பிள்ளைக்கு ஒரு குட்டிக் கடிதம் எழுதி வைத்திருந்தாளாம். நானும் அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே அட்டையில் இருக்கிற இடமோ மூன்று விரற்கடை. அத்தான் படித்துவிட்டு, “படத்துல தெரியுதத எழுதாத கிரேசி. சேலை கட்டியிருக்கேன், நாற்காலில உக்காந்திருக்கேன்னு சொல்லுததுக்கு எழுத்து என்னத்துக்கு? படத்துல தெரியாதத மட்டும் எழுது” என்றார். டாக்டராக வேண்டும், பாட்டுப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டதை எல்லாம் அடித்தேன். ராஜா என்றும் எழுதவில்லை, ராணி என்றும் எழுதவில்லை. வருவது யார் என்று நமக்கு என்ன தெரியும்? ஐந்து வரிதான் மிஞ்சியது. கடைசியில் இருக்கும் வார்த்தையைப் பாருங்கள். அந்த வார்த்தையை என் பெயராக முதல் தடவை போட்டிருக்கிறேன்.

படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள்
கிரேசி

பி.கு: காப்பிப்பொடி டப்பா மேல்தட்டில் இருக்கிறது. மூடியை இறுக்கி வையுங்கள்.


தூத்துக்குடி
13-1-1975

அன்புள்ள கிரேசிக்கு,

போட்டோ வந்தது. நீ நன்றாக இருக்கிறாய். கன்னம் உப்பியிருக்கிறது.

அடியில் உள்ளதையும் படித்தேன். ஒரு தரம் அல்ல, துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் நின்றபடியே பல தரம் படித்தேன். இப்போது பார்க்காமலே சொல்வேன்:

“என் செல்லமே, கோயில் மணி அடித்தால் வலப்பக்கம் உதைக்கிறாய், புளிச்சோறு தின்றால் விக்குகிறாய். உன்னை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் இந்த வீட்டில் எனக்கு அதிகம் தெரிந்த ஆள் நீதான். எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ உதைக்கும்போது பயம் போய்விடுகிறது. – அம்மா.”

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யார் எழுத்து? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? நீ ‘க’ எழுதினால் கூன் விழுந்திருக்கும், ‘ழ’வின் வாலைப் பாதியில் விட்டுவிடுவாய். இதிலே ஒவ்வொரு எழுத்தும் மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. சுழி, வளைவு, கோடு எல்லாம் பிரமாதம். அந்தத் தேவபிரசாதத்தின் கைதானே?

ஆக, நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் எழுதியிருக்கிறான். ‘என் செல்லமே’ என்று நீ சொல்ல அவன் எழுதியிருக்கிறான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதும் உன் அப்பா ஒரு காலத்தில் அவனுக்குத்தான் உன்னைக் கொடுக்க நினைத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? கல்யாணப் பந்தியில் உங்கள் பெரியப்பாவே எனக்கு இலை போடும்போது சொன்னார்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவனையும் அத்தான் என்கிறாய், என்னையும் அத்தான் என்கிறாய். உறவு முறை அப்படி என்பாய். எனக்கு வேறு ஏதாவது முறை கண்டுபிடி.

இங்கே வேலை அதிகம். புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. பனந்தும்புக் கட்டு, மருந்துக்குப் போகிற நிலாவரை இலை மூட்டை என்று சரக்குக் கிட்டங்கி நிறைந்து கிடக்கிறது. எல்லாவற்றின் மேலும் ஊர், பெயர் எழுதி மார்க்கா போட்டு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தேன். பார்க்கலாம்.

செல்வதுரை

காப்பிப்பொடி மூடி இறுக்கித்தான் இருக்கிறது.


நாசரேத்
17-1-1975

அத்தான் என்றே ஆரம்பிக்கிறேன். வேறு முறை எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு நியாயம் கேட்கிறேன். அந்தக் கடிதம் யாருக்கு எழுதியது? பிள்ளைக்கு. அடுத்தவருக்கு வந்த கடிதத்தைச் சட்டையைக் கழற்றாமல் நின்று பல தரம் படித்துவிட்டு, எழுதினவளிடமே சண்டைக்கு வருகிறீர்கள். பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் சொல்லிக் கொடுக்கிறேன், பொறுங்கள்.

யார் கை என்று கேட்டீர்கள். அவர் கைதான். காரணம் இதுதான். படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை ஊறிப் படர்ந்துவிடும். பால்பாயிண்டால் அழுத்தினால் எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டு என் மூக்கிலேயே தெரியும். அதனால் படத்தைக் கருஞ்சாம்பல் அட்டையில் ஒட்டி, அட்டையில்தான் எழுத வேண்டும். கறுத்த அட்டைக்கு வெள்ளை மை. அந்த மை பவுண்டன் பேனாவுக்குள் போகாது, அடைத்துக்கொள்ளும். கட்டை நிப்பை மையில் முக்கி முக்கித்தான் எழுத வேண்டும். அதிகம் முக்கினால் சொட்டும், கொஞ்சமாய் முக்கினால் பாதி எழுத்தில் காய்ந்துபோகும். மையை அடிக்கடி கலக்காவிட்டால் வெள்ளை எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். நான் முதல் வார்த்தையிலேயே ஒரு சொட்டைப் போட்டு அட்டையைப் பாழாக்கினேன். அது சரியாக என் வயிற்றுக்குக் கீழே பல்லி எச்சம் மாதிரி விழுந்தது. பிறகுதான் அவரிடம் கொடுத்தேன்.

அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து சொல்லவும் இல்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு, எழுதி, காய்ந்தபின் ரப்பரால் கோட்டை அழித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் கல்யாண வீட்டு ஆல்பம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுகிறார். அதற்காக ஊரில் உள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் சண்டைக்கு வருகிறார்களா?

பெரியப்பா சொன்னது உண்மைதான். அப்பா நினைத்தார். நான் நினைக்கவில்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

மாதக் கடைசியில் வாருங்கள். உங்கள் பிள்ளை இப்போது இடப்பக்கமும் உதைக்கப் படித்துக்கொண்டது.

கிரேசி


தூத்துக்குடி
24-1-1975

கிரேசிக்கு,

வெள்ளை மை விவரம் எல்லாம் படித்தேன். நானும் தினமும் மையோடு மாரடிக்கிறவன்தான். தகட்டில் எழுத்து வெட்டி, கட்டின் மேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மை கூடினால் கசிந்துவிடும், குறைந்தால் கப்பலில் போய் உரசி அழிந்துவிடும். ஆகவே மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

என் கோபம் மையைப் பற்றியது அல்ல என்று இப்போது எனக்கே தெரிகிறது. எழுதியே விடுகிறேன்.

‘எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.’ இதுதான். இந்த வரிதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தேன். ஏழு மாதம் வயிற்றோடு என் பக்கத்தில் இருந்தாய். ஒரு தடவையாவது பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாயா? கேட்டபோதெல்லாம் “ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க” என்றாய். இப்போது அந்தப் பயம் பிள்ளைக்குத் தெரியும். காகிதத்தில் படித்து வெள்ளையில் எழுதினானே, அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் கடைசியில் தபாலில் தெரிகிறது.

நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சுகம், சுகமறிய ஆவல், பால்காரிக்குச் சொல்லுங்கள், காப்பிப்பொடி மூடி. இன்னும் முகம்கூடப் பார்க்காத ஓர் ஆளுக்கு ‘எனக்கு அதிகம் தெரிந்த ஆள் நீதான்’ என்று எழுதுகிறாய். கைகால் முளைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரி. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

படத்தை ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன். எங்கள் டைப்பிஸ்ட் மெட்டில்டா, அதுதான் பெரிய கோயில் தெரு பரதவர் வீட்டுப் பெண், அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு பாசமா எழுதுதாங்களே ஸார்” என்றாள். அவளுக்காவது என் முகம் வாடியது தெரிந்தது, ஒரு டீ வாங்கி வரச் சொன்னாள்.

மாதக் கடைசியில் வரவில்லை. அந்த வீட்டுக்குள் தேவபிரசாதம் இஷ்டத்துக்கு வந்து போகிறவரை நான் நாசரேத்தில் கால் வைப்பதாக இல்லை. பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல்.

செல்வதுரை


நாசரேத்
3-2-1975

அன்புள்ள அத்தானுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. உங்களைக் கொஞ்சம் தவிக்கவிட வேண்டும் என்று இருந்தது. பிறகு என்னாலேயே முடியவில்லை.

சிரிக்கவில்லை. பயத்தை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

இன்பமணி அக்கா பேறுகாலத்தில் இறந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி என்று நான் சொன்னதில்லை. சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் அவள் மாமியார் ஊர். கட்டுச்சோறு முடிந்தும் அவளை அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தார்கள், நான் துணைக்குப் போயிருந்தேன். வலி வந்து இங்கே கொண்டுவரும் வழியிலேயே காரில் பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவள் மடியிலிருந்து பிள்ளையை நான்தான் வாங்கினேன். அந்தப் பிள்ளைதான் எங்கள் அற்புதமணி, இப்போது இங்கே முதல் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் அவள் அம்மாவின் ஒரு போட்டோ இருக்கிறது. அக்கா ஏழாம் மாதம் கட்டுச்சோற்றன்று எடுத்தது. அடியில் ஒன்றும் இல்லை. வெறும் அட்டை. போன வருடம் நம் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் என்னிடம், “சித்தி, நான் வயித்துல இருந்தேன்லா, அம்மா என்னப் பத்தி என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டாள். அத்தான், எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. அக்கா என்னென்னவோ சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தைகூட நான் பிடித்து வைக்கவில்லை. “நல்ல பிள்ளைன்னு சொன்னா” என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அதற்காகத்தான் இந்தப் படம். அதற்காகத்தான் ஐந்து வரி. உங்களிடம் பயத்தைச் சொன்னால் நீங்களும் பயப்படுவீர்கள். உங்கள் பயத்தையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டியிருக்கும். பிள்ளையிடம் சொன்னால் அது உதைக்கிறது, அவ்வளவுதான். ஆறுதல் சொல்லி என்னை அழவைக்காது.

இனி உங்களைப் பற்றி. பொறாமையில் பிதற்றினீர்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். அற்புதமணியிடம் போய், “உங்க அம்மா உனக்கு எழுதுன லெட்டர் இருந்தா எப்படி இருக்கணும்?” என்று கேட்டேன். “அம்மா கையெழுத்துல இருக்கணும்” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை மாதிரி நிற்கிற எழுத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளை என்ன செய்யும்? கூன் விழுந்த ‘க’தானே அதன் அம்மா.

நெகடிவ் ஸ்டூடியோவில் இருக்கிறது. இன்னொரு பிரதி போடச் சொன்னேன். மையும் நிப்பும் பாழாய்ப்போன அட்டைத் துண்டுகளும் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பழகினேன். நிப்பை முக்கி, குப்பியின் வாயில் ஒரு பக்கம் வழித்து, பிறகு எழுத வேண்டும். கை நடுங்கினால் மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே எழுத வேண்டும். எழுதும்போது பிள்ளை உதைத்தால் நிப்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இந்த வித்தையைத் தேவபிரசாதம் அத்தான் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். தப்பான எழுத்தைக் காய்ந்தபின் பிளேடு நுனியால் சுரண்டலாம், ஆனால் தழும்பு தெரியும். ‘பயம்’ என்ற வார்த்தையில் ஒரு தழும்பு இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதே ஐந்து வரி, கோணல்மாணலாக, என் கையால்.

வலது ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அது அப்பாவுக்கு. என்ன எழுத வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக.

படத்தை ஆபீஸ் மேஜையில் வைத்ததும், மெட்டில்டா கண்ணைத் துடைத்ததும், டீ வாங்கி வரச் சொன்னதும் படித்தேன். டீ சூடாக இருந்ததா?

கிரேசி


தூத்துக்குடி
11-2-1975

அன்புள்ள கிரேசிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இன்பமணி அக்காவைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதமாட்டேன். நேரில் பேசலாம்.

கேட்டபடி என் வரி கீழே:

“அன்பின் அரும்பே, அலைகடலின் ஆழத்து முத்தைப்போல் அன்னையின் மணிவயிற்றில் துயிலும் உன்னைக் காவல் சம்மனசு கண்ணிமையாய்க் காக்கட்டும். – தந்தை.”

எப்படி இருக்கிறது? ஒரு வரிக்கு மேல் போகும் போலிருக்கிறது, எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்.

உன்
செல்வதுரை


நாசரேத்
14-2-1975

திரு. செல்வதுரை அவர்களுக்கு,

நம் வீட்டுக்குள் சம்மனசு எப்போது வந்தது?

நீங்களும் நானும் தேவதூதர் என்று சொல்லி வளர்ந்தவர்கள். உங்கள் அப்பா உபதேசியார். உங்கள் வாயில் சம்மனசு என்ற வார்த்தை கனவில்கூட வராது. பெரிய கோயில் தெருவில் வரும். பனிமய மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர் வாயில் வரும். டைப் அடிக்கிறவர்கள் வாயில் வரும்.

ஆக, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் எழுதினாளா, இல்லை அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்களா? ‘அன்னையின் மணிவயிறு’ என்று அவள் சொல்லும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? என் வயிற்றைப் பற்றி எழுத அவளுக்கு என்ன பாத்தியம்? தேவபிரசாதம் அத்தான் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் படியெடுத்தார், ஒரு புள்ளி அவராகச் சேர்க்கவில்லை. உங்கள் வரியில் உங்களுடையது எது, சொல்லுங்கள் பார்ப்போம். ‘தந்தை’ ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் அவள்தான் போட்டாளோ என்னவோ.

என் பிள்ளையின் அட்டையில் மெட்டில்டாவின் வரி ஏறாது. அந்த ஓரம் காலியாகவே கிடக்கட்டும். நாளை பிள்ளை கேட்டால், உங்கப்பாவுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேஜையில் இருக்கிற படத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

கிரேசி


தூத்துக்குடி
20-2-1975

கிரேசி,

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

தப்புதான். நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபின் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. நீ எழுதிய ஐந்து வரிக்குப் பக்கத்தில் என் எழுத்து நிற்க வேண்டும் என்று நினைத்தாலே கூச்சமாக இருந்தது. நான் என்ன எழுதிப் பழகினவன்? கட்டின் மேல் கப்பல் பெயர், போகிற துறைமுகம், சரக்கின் பெயர், எச்சரிக்கை. அவ்வளவுதான் என் இலக்கியம். மெட்டில்டா கோயில் விழாவுக்கு வாழ்த்துமடல் எழுதுகிறவள். “நான் எழுதித் தாரேன் ஸார்” என்றாள். சரி என்றேன். சம்மனசு வந்ததை நான் கவனிக்கவே இல்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் பட்டது. உன் முன்னால் அழகாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு ஒன்றும் இல்லை. அவளுக்கு ஈஸ்டர் முடிந்ததும் மணப்பாட்டு மாப்பிள்ளையோடு கல்யாணம்.

நீ கோபப்பட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. எனக்காக நீ இப்படிப் பொறாமைப்பட்டு நான் பார்த்ததில்லை. ‘திரு. செல்வதுரை அவர்களுக்கு’ என்பதை மட்டும் பல தரம் படித்தேன். நீ எனக்கு எழுதியதிலேயே சூடான கடிதம் அதுதான்.

சரி. இது நானே எழுதியது. வேறு யாரும் பார்க்கவில்லை. தும்புக் கட்டுக்கு மார்க்கா போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது:

“நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு. நனையக் கூடாது. கொக்கி போடக் கூடாது. கவிழ்க்கக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சேர வேண்டும். பெற்றுக்கொள்பவன்: அப்பா.”

சுமை தூக்குகிறவர்கள் கட்டில் கொக்கியை மாட்டி இழுப்பார்கள். சரக்கு கிழிந்துபோகும். அதனால்தான் அப்படி எழுதுவோம். ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். சிரிக்காதே. பிடிக்காவிட்டால் ஓரம் காலியாகவே கிடக்கட்டும்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்கிறேன். பிள்ளைக்கு ஐந்து வரி எழுதினாய். எனக்கும் ஒரு தடவை எழுது. ஐந்து வேண்டாம், இரண்டு போதும். காப்பிப்பொடி இல்லாமல். அந்த மாதிரி ஒரு வரி வந்தால் தேவபிரசாதம் வாசலில் நின்றாலும் வந்துவிடுவேன். அதுவரை என் வீம்பு என்னைப் பஸ் ஏற விடமாட்டேன் என்கிறது. என்ன செய்ய, நான் இப்படித்தான்.

உன்
செல்வதுரை


நாசரேத்
27-2-1975

அன்புள்ள அத்தானுக்கு,

சிரித்தேன். அப்பா அடுத்த அறையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். பிறகு ‘இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சேர வேண்டும்’ என்ற இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை.

அதுதான் வேண்டும். ஓர் எழுத்தும் மாற்றவேண்டாம். ஆனால் நான் எழுதமாட்டேன். என் கடிதத்தை வேறு கையால் எழுதக் கூடாது என்று சண்டை போட்டவர் நீங்கள். உங்கள் வரியை மட்டும் என் கையால் எழுதலாமா? வந்து நீங்களே எழுதுங்கள். ஐந்து வாக்கியத்துக்கு ஓரம் போதாது, எனக்குத் தெரியும். தும்புக் கட்டில் இடுக்கி எழுதிப் பழகினவர்தானே, எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

வீம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இரண்டு வரி கேட்டீர்கள். கேட்டு வாங்குகிற வரி வரியாகாது. வருகிறபோது வரும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, தலை கீழே இறங்கிவிட்டது என்கிறாள். பிள்ளை இப்போது முன்போல் உதைப்பதில்லை, இடம் போதவில்லையாம். முழங்கையை வைத்து மெல்லத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால் பயம் முன்போல் போவதும் இல்லை.

மெட்டில்டாவின் கல்யாணத்துக்கு நம் பேரில் ஒரு நல்ல பாத்திரமாக வாங்கிக் கொடுங்கள். சிறியதாகப் போதும்.

கிரேசி


நாசரேத்
8-3-1975, காலை

அத்தான்,

இடுப்பில் வலி விட்டு விட்டு வருகிறது. அம்மா வெந்நீர் போடுகிறாள். நான் இன்னும் ஒன்றும் இல்லை என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. பிள்ளையிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தபாலில் போட்டால் நாளாகும். இதைக் கொண்டு வருகிறவர் தேவபிரசாதம் அத்தான். ஒட்டின கடிதம், படிக்கமாட்டார். கோபப்படாமல் அவருடைய மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆத்தூர்ப் பாலம் தாண்டினதும் ரோடு மோசம், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மை கலக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள்
கிரேசி